கூட்டு வைத்தவனே கூட்டை உடைப்பான்

மாலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. சிமெண்ட் விலை ஏறினால், "எல்லாக் கம்பெனிக்காரனும் சிண்டிகேட் போட்டுட்டான், இனிமே எறங்காது" என்பார்கள். பெட்ரோல் என்றால், "அரபு நாட்டுக்காரங்க ஒத்துமையா இருக்காங்க, நாம என்ன செய்ய முடியும்" என்பார்கள். சொல்கிறவர் முகத்தில் கோபத்தைவிட ஒருவித மரியாதைதான் அதிகம் தெரியும். நம்மால் ஒரு தெருச் சங்கத்தை நடத்த முடியவில்லை, அவர்களோ உலகத்தையே ஒரு கயிற்றில் கட்டி இழுக்கிறார்களே என்ற மரியாதை.

அந்த மரியாதை தேவையில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விற்கிறவர்கள் கூடி விலை பேசி வைப்பது நடக்கிறது, அது தவறு, நம் பணம் போகிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கூட்டு கோட்டை அல்ல, மணல் வீடு. அதை இடிக்கிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்களும் அல்ல, உள்ளே இருப்பவர்கள்தான். கூட்டு நிலைத்து நிற்கிறது என்றால், அதற்கு முட்டுக் கொடுப்பது யார் என்று தேட வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் இதற்கு 'ஆந்தாந்த்' என்று பெயர். 'புரிந்துகொள்ளுதல், இணக்கம்' என்பது நேர்ப்பொருள். கணவன் மனைவிக்குள் இருந்தால் நல்ல ஆந்தாந்த், வியாபாரிகளுக்குள் இருந்தால் குற்றம். நெப்போலியன் காலத்து 1810-ஆம் வருடத் தண்டனைச் சட்டத்திலேயே, 419-ஆம் பிரிவில், ஒரே சரக்கை வைத்திருக்கும் முக்கிய வியாபாரிகள் கூடி விலையை ஏற்றினால் சிறையும் அபராதமும் உண்டு என்று எழுதி வைத்தார்கள். எனவே நோய் புதிதல்ல. ஆனால் அந்த இனிமையான சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. வியாபாரிகளுக்குள் வரும் இணக்கத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் விரும்புகிறார்கள். தான் காப்பாற்ற வேண்டும் என்று அல்ல.

ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நாற்பது வருடம் கணக்கு எழுதியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

13 நாடுகள் சேர்ந்து ஒரு பீப்பாய் எண்ணெய் 29 டாலருக்குக் குறையாமல் விற்பது என்று முடிவு செய்கின்றன. விலை நிற்க வேண்டுமானால் சரக்கு குறைவாக வர வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு எல்லோரும் சேர்த்து 175 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுப்பதில்லை என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு நாட்டுக்கு 10 லட்சம் பீப்பாய் பங்கு. எடுக்கும் செலவு பீப்பாய்க்கு 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாடு ரகசியமாக இன்னும் 2 லட்சம் பீப்பாய் எடுத்து, 2 டாலர் தள்ளுபடியில் 27-க்குத் தள்ளிவிடுகிறது. பீப்பாய்க்கு 24 டாலர் லாபம். ஒரு நாளைக்கு 48 லட்சம் டாலர் கூடுதல் வரவு.

கூடுதல் சரக்கு வந்ததால் சந்தை விலை அரை டாலர் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பழைய 10 லட்சம் பீப்பாயில் அந்த நாட்டுக்கு 5 லட்சம் டாலர் நஷ்டம். மற்ற 12 நாடுகளின் 165 லட்சம் பீப்பாயில் 82 லட்சத்துக்கு மேல் நஷ்டம். மொத்தமாகப் பார்த்தால் கூட்டுக்குப் பெரிய அடி. ஆனால் திருடியவனுக்கு 48 வரவு, 5 செலவு. நஷ்டம் எல்லோர் தலையிலும் விழுகிறது, லாபம் ஒருவன் பையில் விழுகிறது. இப்போது சொல்லுங்கள், இந்த 13 பேரில் எத்தனை பேர் சத்தியவானாக இருப்பார்கள்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலையை எவ்வளவு உயர்த்தி வைக்கிறார்களோ, ஏமாற்றுகிறவனுக்கு அவ்வளவு லாபம். சந்தையில் விலை 4 டாலராக இருந்தால் இந்தத் திருட்டில் ருசியே இல்லை. கூட்டு வெற்றி பெறப் பெற, அதை உடைப்பதற்கான கூலியும் ஏறுகிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பார்த்துத்தான் நாம் பிரமிக்கிறோம்!

மேலே சொன்ன 13 நாடுகளும், 29 டாலரும், 175 லட்சமும் என் கற்பனை அல்ல. 1983 மார்ச்சில் ஓபெக் லண்டனில் கூடி எடுத்த முடிவு அது. (பங்கும் செலவும் மட்டும்தான் என் எடுத்துக்காட்டு.) அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் காலத்தில், நம் கண்ணெதிரே நடந்தது. ஆனால் நம்மில் பலருக்கு அதன் முதல் பாதிதான் நினைவிருக்கிறது.

முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். 1960-இல் பாக்தாதில் ஐந்து நாடுகள் ஓபெக்கைத் தொடங்கின. 1973 அக்டோபர் போரின்போது அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 3 டாலர் அளவில் இருந்த பீப்பாய் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. ஈரான் புரட்சி, பிறகு ஈரான்–ஈராக் போர். 1981-இல் அதிகாரபூர்வ விலை 34 டாலர். மண்ணெண்ணெய்க்கு டின்னோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாதிதான் நம் பேச்சில் வருவதில்லை. விலை ஏற ஏற உலகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. வட கடலில், புயலுக்கு நடுவே பிரிட்டனும் நார்வேயும் துளை போட்டன. அலாஸ்காவிலிருந்து குழாய் வந்தது. மெக்சிகோ வந்தது. நம் பம்பாய் ஹையிலும் 1976-இல் எண்ணெய் வரத் தொடங்கியது. பிரான்சில் 1974-லேயே பிரதமர் மெஸ்மெர் அணு மின் நிலையங்களை வரிசையாகக் கட்ட உத்தரவிட்டார். எங்களிடம் எண்ணெய் இல்லை, ஆனால் யோசனைகள் உண்டு என்று அந்த அரசாங்கம் விளம்பரமே செய்தது. 1979-இல் நாளொன்றுக்கு 3 கோடிப் பீப்பாய்க்கு மேல் விற்ற ஓபெக், 1985-இல் அதில் பாதிதான் விற்றது. கூட்டில் சேராதவனுக்கு, கூட்டுக்காரர்களே குடை பிடித்து நிழல் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாடிக்கை குறைந்ததும் உள் வீட்டுச் சண்டை தொடங்கியது. 1982 மார்ச்சில் முதன்முறையாக முறையான பங்கு பிரித்தார்கள். அது நிற்கவில்லை. 1983-இல் விலையை 34-லிருந்து 29-க்குக் குறைத்து மறுபடி பிரித்தார்கள். சவூதி அரேபியாவுக்கு மட்டும் நிலையான பங்கு இல்லை. மற்றவர்கள் விற்றது போக மீதி எவ்வளவு தேவையோ அதை மட்டும் அது விற்று, விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் மூத்த மருமகள் நிலைமை.

ஏமாற்றினார்கள், எப்படியெல்லாம் என்பதுதான் சுவாரசியம். பங்குக்கு மேல் எடுப்பது கொச்சையான வழி. நாசூக்கான வழிகள் வேறு. விலையை 29 என்றே எழுதிவிட்டு, பணம் கட்ட வழக்கத்தைவிட நீண்ட தவணை கொடுப்பது. வட்டியைக் கணக்குப் போட்டால் அதுவே தள்ளுபடி. கச்சா எண்ணெய்க்குத்தான் கட்டுப்பாடு என்று அதைச் சுத்திகரித்து டீசலாக விற்பது. எண்ணெய்க்குப் பணம் வாங்காமல் பண்டம் வாங்குவது. இரண்டு பக்கத்திலும் உண்மை விலை என்ன என்று யாருக்கும் தெரியாது. 1984-இல் சவூதியே போயிங் 747 விமானங்களுக்கு விலையாக எண்ணெய் கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் நார்வேயும் பிரிட்டனும் விலையைக் குறைத்தன. அவர்களுடையதைப் போன்ற உயர்ந்த ரக எண்ணெயை விற்கும் நைஜீரியா, ஓபெக்கின் ஒப்புதலுக்குக் காத்திராமல் 2 டாலர் குறைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது; வாடிக்கையாளர் போய்விட்டால் ஓபெக் வந்து சோறு போடுமா?

அப்போது ஓபெக் செய்த காரியம்தான், ஓர் எழுத்தராக, எனக்கு மிகவும் பிடித்தது. உறுப்பினர்களின் கணக்கைச் சரிபார்க்க ஹாலந்து நாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றை நியமித்தார்கள். கையில் எண்ணெய், பின்னால் ராணுவம், உலகமே நடுங்கும் அமைச்சர்கள். கடைசியில் ஒருவரையொருவர் நம்பாமல் ஆடிட்டரைக் கூப்பிட்டார்கள்! எல்லா நாடுகளும் ஏட்டைத் திறந்து காட்டவும் இல்லை. தணிக்கைக்கு வந்தவரை வராண்டாவில் உட்கார வைத்து, "சார் லீவு, சாவி அவரிடம்" என்று அனுப்புவது எல்லா நாட்டுக்கும் பொதுவான கலை போலும்.

மூத்த மருமகள் எவ்வளவு நாள் பொறுப்பாள்? 1980-இல் நாளொன்றுக்கு 1 கோடிப் பீப்பாய் அளவில் எடுத்த சவூதி, 1985 கோடையில் 22 லட்சம் பீப்பாய்க்கு வந்துவிட்டது. வருமானம் 1981-இல் இருந்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் அமைச்சர் யமானி புது ஒப்பந்தம் போட்டார்: எங்கள் எண்ணெயைச் சுத்திகரித்து என்ன விலைக்கு விற்கிறீர்களோ, அதில் உங்கள் செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும். வாங்குகிறவனுக்கு நஷ்டமே வராத ஒப்பந்தம், விடுவானா? 1985 நவம்பரில் 30 டாலரை ஒட்டியிருந்த விலை, 1986-இல் சில மாதங்களுக்குள் 10 டாலர் பக்கம் வந்தது. அந்த வருட அக்டோபரில் யமானி பதவி இழந்தார். டிசம்பரில் மறுபடி கூடி, 18 டாலர் போதும் என்று புதுப் பங்கு எழுதினார்கள்.

"ஓபெக் இன்றும் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. கூடுகிறார்கள், பிரிகிறார்கள், ஒட்டுப் போடுகிறார்கள். ரஷ்யாவைச் சேர்த்துக்கொண்டார்கள், 2020 மார்ச்சில் அதனோடும் சண்டை வந்து விலைப் போர் நடந்தது. பெயர்ப்பலகை இருப்பதால் கூட்டு இருக்கிறது என்று ஆகாது. ஒவ்வொரு முறையும் அதே கதைதான்: விலை ஏறும், வெளியாள் வருவான், உள்ளாள் திருடுவான், தாங்கிப் பிடித்தவன் கை ஓயும்.

அப்படியானால் சில கூட்டுகள் ஏன் பல வருடம் நிற்கின்றன? திருடியவன் உடனே அகப்படும் இடத்தில் கூட்டு நிற்கும். இதற்கு நானே சாட்சி.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வருடா வருடம் மேசை நாற்காலி பழுதுபார்க்க முத்திரையிட்ட கொட்டேஷன் வாங்குவோம். குறித்த நாளில், எல்லோர் முன்னிலையிலும் கவரைப் பிரித்து, ஒவ்வொருவர் விலையையும் நான் உரக்கப் படிப்பேன். ஒளிவு மறைவு கூடாது என்பதற்காக வைத்த விதி. வழக்கமாக வருபவர்கள் நான்கு பேர். ஒரு வருடம் ஒருவர் கொடுத்த விலைதான் குறைவு, மறு வருடம் அடுத்தவர். முறை வைத்து ஆலமரத்தடியில் மாடு மேய்ப்பது போல ஒழுங்காக நடந்தது. மற்ற மூவர் விலையும் பைசா சுத்தமாக ஒரே அளவு தூரத்தில் மேலே நிற்கும். கோப்பில் குறிப்பு எழுதினேன். "விதிப்படி மிகக் குறைந்த விலைக்கே தரப்பட்டுள்ளது" என்று மேலிருந்து பதில் வந்தது.

பிறகுதான் எனக்கு விளங்கியது. எண்ணெய் நாடுகள் ஆடிட்டரை வைத்தும் பெற முடியாததை, நாங்கள் அந்த நான்கு பேருக்கு இலவசமாகச் செய்து கொடுத்தோம். யாராவது பேச்சை மீறி விலையைக் குறைத்திருந்தால், அடுத்த நிமிடமே அரசாங்க எழுத்தர் அதை உரக்கப் படித்து மற்ற மூவருக்கும் தெரிவித்துவிடுவார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964-லேயே இதை எழுதியிருக்கிறார்: ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் எந்தக் கூட்டுக்கும் உயிர்நாடி, பகிரங்கமாக டெண்டர் பிரிக்கும் அரசாங்கம் அந்த வேலையைக் கூட்டுக்காரர்களுக்காகத் தானே செய்கிறது என்று. டெண்டரை இருட்டில் பிரிக்கச் சொல்லவில்லை. அது இன்னொரு வியாதிக்கு வழி. ஆனால் ஐந்து வருடக் கோப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பள்ளிப் பையனுக்கும் தெரியும் முறைவைப்பு. அதைப் பார்க்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

கூட்டு நிற்க இன்னொரு வழியும் உண்டு. அதுதான் மிக மோசம்: அரசாங்கமே காவல் நிற்பது. இதற்கும் எண்ணெயிலேயே உதாரணம் இருக்கிறது. 1930 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்கு டெக்சாசில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடித்தார்கள். ஆளாளுக்குத் தோண்டி, பீப்பாய் 10 சென்டுக்கு வந்தது. அந்த மாநிலத்தின் ரயில்வே ஆணையம் என்ற அலுவலகம் கிணற்றுக்கு இவ்வளவு என்று பங்கு விதித்தது. யாரும் கேட்கவில்லை, இரவில் எடுத்துக் கடத்தினார்கள். 1931 ஆகஸ்டில் ஆளுநர் ராணுவத்தை இறக்கி வயலையே மூடினார். 1935-இல் பங்குக்கு மேல் எடுத்த எண்ணெயை மாநில எல்லை தாண்டி அனுப்பினால் குற்றம் என்று மத்திய சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பங்கு முறை 1970-களின் தொடக்கம் வரை நின்றது. ஓபெக்கைத் தொடங்கியவர்கள் அந்த ஆணையத்தைத்தான் முன்மாதிரியாக வைத்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே எண்ணெய், அதே பங்கு முறை, அதே ஆசை கொண்ட மனிதர்கள். ஒன்று நாலு வருடத்தில் சிதறியது, இன்னொன்று நாற்பது வருடத்தை ஒட்டி நின்றது. டெக்சாஸ்காரர்கள் ஒற்றுமையானவர்கள் என்பதாலா? இல்லை. மீறினால் ஜெயில். ஓபெக்கில் மீறியவனைப் பிடிக்கப் போலீஸ் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே, "தொழிலைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லி, புதியவருக்கு லைசென்ஸ் கொடுக்காதே, குறைந்தபட்ச விலையை ஆணையாகப் போடு, இறக்குமதியைத் தடு என்று யாராவது மனுவோடு வந்தால், அந்த மனுவைத்தான் நாம் பயத்தோடு படிக்க வேண்டும். தாங்களே பேசிக் காப்பாற்ற முடியாத கூட்டை, அரசாங்க முத்திரை போட்டுக் காப்பாற்றித் தரச் சொல்கிறார்கள். இதை எதிர்க்காமல் சிமெண்ட் கடைக்காரரைத் திட்டுவதில் பயன் இல்லை.

மறு பக்கத்தில் சிலர், "அதுதான் தானாக உடையுமே, சட்டம் எதற்கு" என்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. உடையும், ஆனால் எப்போது? நம் வீட்டு டார்ச் லைட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெரிய கம்பெனிகள் பல வருடம் பேசி வைத்து விலை ஏற்றியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. மூன்றே பேர், விலையோ ஒவ்வொரு பேட்டரியிலும் அச்சாகிறது. குறைத்து விற்றால் அடுத்தவன் பெட்டிக்கடையில் வாங்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அந்த மாதிரிக் கூட்டு தானாக உடையக் காத்திருந்தால் நம் பேரப் பிள்ளைகளுக்கும் வயதாகிவிடும்.

அதை உடைத்தது என்ன தெரியுமா? மூன்றில் ஒரு கம்பெனி தானே ஆணையத்திடம் போய்ச் சொன்னது. நம் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது: கூட்டில் இருந்துகொண்டே முதலில் வந்து, ஆதாரத்தோடு உண்மையைச் சொல்கிறவனுக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம்; இரண்டாவதாக வருபவனுக்குச் சலுகை குறைவு. பேட்டரி வழக்கில் முதலில் போனவருக்கு ஒரு பைசா அபராதம் இல்லை. மற்ற இருவருக்கும் கோடிக்கணக்கில். "திருடனுக்குப் பரிசா" என்று சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. கூட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்தைச் சட்டம் விசிறி விடுகிறது. எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பவன் நாளைக் காலை டெல்லிக்கு விமானம் ஏறுவானோ என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யோசனை இருக்கும் மேசையில் எந்த ஒப்பந்தமும் நெடுநாள் தங்காது.

எனவே அடுத்த முறை யாராவது "சிண்டிகேட் போட்டுட்டான், அவ்வளவுதான்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள்? ஒருவன் ரகசியமாகக் குறைத்து விற்றால் மற்றவனுக்கு எத்தனை நாளில் தெரியும்? புதிதாக ஒருவன் கடை போட வந்தால் அவனைத் தடுப்பது யார்? முதல் இரண்டுக்கும் பதில் 'நிறையப் பேர்', 'தெரியவே தெரியாது' என்றால், கொஞ்சம் பொறுங்கள், அவர்களே அடித்துக்கொள்வார்கள். மூன்றாவதற்குப் பதில் ஓர் அரசாணை எண்ணாக இருந்தால் பொறுக்காதீர்கள். அந்த ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.